பைலட் ஆக 200 மணி நேரம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளையின் அப்பா முதலில் போன் செய்வது ஃபிளையிங் ஸ்கூலுக்குத்தான். "ஃபீஸ் எவ்வளவு, தவணையில் கட்டலாமா?" என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. அந்த போன் கண் டாக்டருக்குப் போயிருக்க வேண்டும். இந்தியாவில் வர்த்தக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, மூன்று வாசல்கள் உண்டு: மருத்துவச் சோதனை, எழுத்துத் தேர்வு, பறந்த நேரம். பணம் பெரிதாகக் கரைவது மூன்றாவது வாசலில். ஆனால் "நீ விமானியாகவே முடியாது" என்று சொல்லும் அதிகாரம் முதல் வாசலுக்கு இருக்கிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு தவிக்கிற குடும்பங்கள் நிறைய.

உரிமம் கொடுப்பது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். எல்லோரும் டிஜிசிஏ என்றே சொல்கிறார்கள். அதன் விதிப்படி சிபிஎல் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறிவிட்டு வருவது வழக்கம். பயிற்சி தொடங்க 18 வரை காத்திருக்கத் தேவையில்லை. மாணவர் விமானி உரிமத்தை 16 வயதிலேயே வாங்கலாம்.

மெடிக்கலுக்குப் போகும் முன் ஒரு காகித வேலை. நம் ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் மூன்றாவதாக ஒரு வடிவம். டிஜிசிஏயின் கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். தேர்வு எழுதத் தேவையான கணினி எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று தேர்வு வாரியமே உறுதி செய்த கடிதமும் வேண்டும். தமிழ்நாடு மாநில வாரியத்தில் படித்தவர்களுக்கு அது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர வேண்டும். பெயரைச் சரிசெய்வதும் கடிதம் வாங்குவதும் நாள் பிடிக்கும் வேலைகள். ரிசல்ட் வந்த கையோடு ஆரம்பித்துவிடுவது நல்லது.

இனி மெடிக்கல். இதில் இரண்டு படிகள். முதலாவது கிளாஸ் 2. டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டர்கள் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் ரத்தம், சிறுநீர், ஈசிஜி, கண், காது எல்லாம் பார்த்துக்கொண்டால், அறிக்கை இணையம் வழியாக டிஜிசிஏக்குப் போய் அங்கே தகுதி முடிவாகும். மாணவர் விமானி உரிமத்துக்கு இது போதும். ஃபிளையிங் ஸ்கூலில் சேரவும் இது போதும். சிக்கலே இந்த 'போதும்' என்பதில்தான். வர்த்தக உரிமத்துக்குக் கிளாஸ் 1 வேண்டும். அது இன்னும் கறாரானது. முதல் கிளாஸ் 1 சோதனையை எல்லா டாக்டரும் செய்துவிட முடியாது, அதற்கென்று ஒதுக்கிய சில மையங்களில்தான் செய்வார்கள். பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் அவற்றில் பழையது, பேர்பெற்றது. அங்கே நாள் கிடைக்கவே காத்திருக்க வேண்டும்.

கிளாஸ் 2 கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் முப்பது லட்சம் கட்டி, நூறு மணி நேரம் பறந்த பிறகு கிளாஸ் 1-க்குப் போய், நிறங்களைப் பிரித்தறியும் சோதனையில் தவறினால் என்ன ஆகும்? பறந்த மணிகள் லாக்புக்கில் இருக்கும், உரிமம் வராது. அதனால் கிளாஸ் 1 முடிவு கைக்கு வந்த பிறகே பெரிய தொகையைக் கட்ட வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று எந்த ஃபிளையிங் ஸ்கூலாவது சொன்னால், அது அவர்களுடைய வசதிக்குச் சொல்வது.

சோதனைகளில் கண் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள், அதுவும் தவறான காரணத்துக்காக. கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும், உரிமத்தில் 'கண்ணாடி அணிந்தே பறக்க வேண்டும்' என்று எழுதிவிடுவார்கள். தப்ப முடியாதது நிறக்குருடுதான். அதைக் கண்டுபிடிக்க இஷிஹாரா தட்டுகள் என்று ஒரு புத்தகம் உண்டு. பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள். சரியான பார்வை உள்ளவருக்கு அவற்றின் நடுவே 74 என்றோ 6 என்றோ ஓர் எண் தெரியும். சிவப்பு பச்சை பிரியாத கண்ணுக்கு வேறு எண் தெரியும், அல்லது வெறும் புள்ளிகளாகவே இருக்கும். இது பிறவியில் வருவது, ஆண்களிடம் அதிகம். மருந்தோ பயிற்சியோ கிடையாது. பாதிப்பு உள்ள பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. அன்றாட வாழ்க்கையில் அதனால் எதுவும் நின்றுபோவதில்லை அல்லவா?

வானத்தில் நிற்கும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். இறங்கும் விமானம் சரியான சரிவில் வந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம் என்று அர்த்தம். இரவில் எதிரே தெரியும் விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அந்த நிறங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். ரேடியோ செத்துப்போனால் கன்ட்ரோல் டவரிலிருந்து காட்டும் சைகையும் சிவப்பு, பச்சை ஒளிதான். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் சலுகை இல்லை. உள்ளூர்க் கண் மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் இதைப் பார்த்துவிடலாம். செலவும் சொற்பம். பத்தாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால் பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே தெளிவு கிடைக்கும்.

காதுக்கு ஒலி அளவீட்டுச் சோதனை. அத்துடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறதா என்று டாக்டர் உள்ளே பார்ப்பார். விமானம் ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறும். அந்த மாற்றத்தைச் சமன் செய்ய முடியாத காது நடுவானில் வலியால் துடிக்க வைக்கும். இவை தவிர அதிக எடை, குடலிறக்கம், ரத்தசோகை, கூடுதல் ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதி அனுப்புவார்கள். பலரும் அதைப் படித்ததும் உடைந்துபோகிறார்கள். தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான். சிகிச்சை எடுத்தோ எடையைக் குறைத்தோ மறுபடி வரலாம். கிளாஸ் 1 சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பயிற்சி இழுத்துக்கொண்டே போனால் இடையில் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாசல் எழுத்துத் தேர்வுகள். வான்வழி நடத்தல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் (பொது), தான் ஓட்டும் குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம். கேள்விகள் எல்லாம் பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, கணினியில் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பிளஸ் டூவில் 90 சதவீதம் வாங்கியவர்களும் நேவிகேஷனில் முதல் முறை விழுவது சர்வ சாதாரணம். காரணம், மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பு குறைவு. கணக்கைச் சட்டென்று மனதில் போட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரிலிருந்து 100 கடல் மைல் தொலைவில் உள்ள இன்னோர் ஊருக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுக் கிளம்புகிறீர்கள். 40 மைல் போனதும் கீழே ஓர் ஏரி தெரிகிறது. வரைபடத்தில் பார்த்தால் அந்த ஏரி உங்கள் கோட்டுக்கு வலப்பக்கம் 4 மைல் தள்ளி இருக்கிறது. காற்று உங்களை ஒதுக்கிவிட்டது. இப்போது எத்தனை டிகிரி திரும்பினால் இலக்கை அடைவீர்கள்? விமானிகள் இதற்கு 'ஒன்று இன் அறுபது' என்ற விதியை வைத்திருக்கிறார்கள். 60 மைலுக்கு 1 மைல் விலகினால் பிழை 1 டிகிரி. 40 மைலுக்கு 4 என்றால், 60 மைலுக்கு 6. ஆக, இதுவரை செய்த பிழை 6 டிகிரி. இடப்பக்கம் 6 டிகிரி திருப்பினால் பழைய கோட்டுக்கு இணையாகப் போவீர்கள், இலக்குக்குப் போகமாட்டீர்கள். மீதி 60 மைலில் அந்த 4 மைலையும் சரிக்கட்ட வேண்டும், அதற்கு இன்னொரு 4 டிகிரி. மொத்தம் இடப்பக்கம் 10 டிகிரி. பரீட்சையில் இதில் 6 என்று ஒரு விடை, 4 என்று ஒரு விடை, 10 என்று ஒரு விடை கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் 6-இல் விழுவார்கள். உள்ளே போனால், ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, குலுங்கும் இருக்கையில் உட்கார்ந்தபடி இதையே போட வேண்டும்.

வானிலைத் தாளும் அப்படித்தான். மேகங்களின் பெயர்களைப் படிப்பது எளிது. விமான நிலையங்கள் அரை மணிக்கொரு முறையோ ஒரு மணிக்கொரு முறையோ வெளியிடும் வானிலை வரியைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சென்னையில் ஒரு மாலை நேரத்து வரி இப்படி இருக்கலாம்:

```
VOMM 241030Z 08012KT 4000 HZ FEW018 SCT080 30/24 Q1009
```

முதல் நான்கு எழுத்து சென்னை விமான நிலையம். அடுத்தது 24-ஆம் தேதி, சர்வதேச நேரம் 10:30, நம் நேரம் மாலை நான்கு மணி. காற்று 80 டிகிரி திசையிலிருந்து, ஏறக்குறைய கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில். மாலையில் வரும் கடற்காற்றுதான் அது. கண்ணுக்குத் தெரியும் தூரம் 4,000 மீட்டர், காரணம் புழுதி மங்கல். 1,800 அடியில் கொஞ்சம் மேகம், 8,000 அடியில் இன்னும் கொஞ்சம். வெப்பநிலை 30, பனிநிலை 24, காற்றழுத்தம் 1009. இந்த வரியைப் பார்த்ததும் பயிற்சி மாணவருக்கு முதலில் கண்ணில் பட வேண்டியது அந்த 4000. கண்ணால் பார்த்தே ஓட்டும் பறத்தலுக்கு 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும் என்பது விதிகள் தாளில் படித்தது. ஆக, இன்று தனியாகப் பறக்க முடியாது. மூன்று பாடம் ஒரே வரியில் சந்திக்கிறது.

இவற்றுக்கு அப்பால் ரேடியோ உரிமத் தேர்வு, ஆர்டிஆர். முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திக்கொண்டிருந்தது. 2024-இல் வந்த பாரதிய வாயுயான் சட்டத்துக்குப் பிறகு டிஜிசிஏயின் பொறுப்புக்கு வந்துவிட்டது. இதில் பேசிக் காட்ட வேண்டும். தேர்வாளர் டவர் போலப் பேசுவார், மாணவர் விமானி போலப் பதில் சொல்லித் தனக்கு வந்த உத்தரவைத் திருப்பி ஒப்பிக்க வேண்டும். ரேடியோ இரைச்சலில் எண்கள் குழம்பாமல் இருக்க மூன்றை 'ட்ரீ', ஐந்தை 'ஃபைஃப்', ஒன்பதை 'நைனர்' என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு தடையே இல்லை. வேகம்தான் தடை. பதற்றத்தில் வேகமாகப் பேசி, திருப்பிச் சொல்ல வேண்டிய உயரத்தையோ ஓடுபாதை எண்ணையோ விழுங்கிவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று தினமும் கால் மணி நேரம் சத்தமாகப் பேசிப் பழகியவர்கள் தேறிவிடுகிறார்கள்.

தேர்வுகளைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடிப்பதா, பறந்துகொண்டே எழுதுவதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. என் கட்சி முதலாவது. குறைந்தபட்சம் நேவிகேஷன், வானிலை, விதிகள் மூன்றையாவது முடித்துவிட்டு விமானத்தில் ஏறினால், ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு மேலே மணிக்குப் பல ஆயிரம் கட்டிப் பாடம் கேட்க வேண்டியிருக்காது.

இப்போது மூன்றாவது வாசல். மொத்தம் 200 மணி நேரம். வெறுமனே 200 மணி நேரம் காற்றில் இருந்தால் ஆகாது, அதற்குள் பல சின்னக் கணக்குகள் உண்டு. 100 மணி நேரம் விமானப் பொறுப்பாளராக, மாணவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் தனியாக, பறந்திருக்க வேண்டும். அதில் 15 மணி நேரம் விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் பறப்பதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், ஏறக்குறைய 555 கிலோமீட்டர், இடையே இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், அதில் தனியாக 10 முறை ஏறி 10 முறை இறங்க வேண்டும். விமான நிறுவனங்களில் வேலை தேடுகிறவர்கள் கருவிப் பறத்தல் தகுதியையும் இரட்டை என்ஜின் தகுதியையும் சேர்த்தே வாங்குவார்கள். அதனால் நடைமுறையில் 185 மணி நேரம் ஒற்றை என்ஜினிலும் 15 மணி நேரம் இரட்டை என்ஜினிலும் என்று ஃபிளையிங் ஸ்கூல்கள் திட்டம் போடுகின்றன.

முதல் பத்து, பதினைந்து மணி நேரம் ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வக வடிவில் ஆயிரம் அடி உயரத்தில் வட்டமடிப்பதுதான் வேலை. ஏறு, திரும்பு, இணையாகப் போ, திரும்பு, இறங்கு. பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து சோதிப்பதையும் அப்போதே கற்றுக்கொடுப்பார்கள். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில், இறக்கையின் அடியில் உள்ள ஒரு வால்வை ஒளி ஊடுருவும் சின்னக் குப்பியால் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் வடிந்து வரும். பயிற்சி விமானங்களில் ஊற்றும் அவ்காஸ் இளநீலமாக இருக்கும். டாங்கிக்குள் நீர் சேர்ந்திருந்தால் அது குப்பியின் அடியில் நிறமில்லாத உருண்டையாகத் தங்கும், நீலம் மேலே மிதக்கும். அதைப் பார்த்தால் நீர் போகும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலையில் இந்தச் சோதனையைத் தவறவிட்டால், ஏறும் நேரத்தில் என்ஜின் இருமத் தொடங்கும். கவனமில்லாத மாணவர் குப்பி முழுக்க நீர் மட்டுமே வந்திருக்க, ஒரே நிறமாக இருப்பதால் சரி என்று நினைத்துவிடுவார். அதனால்தான் குப்பியை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதினைந்து, இருபது மணி நேரம் ஆனதும் ஒரு நாள் இன்ஸ்ட்ரக்டர் பாதியில் இறங்கிக்கொண்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்பார். அதுதான் முதல் சோலோ. ஒரு ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஏறும், இறங்கும்போது தரையில் படாமல் மிதந்துகொண்டே போகும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாத இன்ஸ்ட்ரக்டரை நான் நல்ல இன்ஸ்ட்ரக்டர் என்று சொல்லமாட்டேன்.

கருவிப் பறத்தல் தகுதிக்கு 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 வரை சிமுலேட்டரில் ஓட்டலாம். மாணவரின் நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். வெளியே தெரியாது, டயல்கள் மட்டும் தெரியும். உட்காதில் உள்ள நீர்க்குழல்கள் திருப்பம் தொடங்குவதையும் நிற்பதையும்தான் உணரும், மெதுவான திருப்பத்தை உணராது. அதனால் விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். கருவியைப் பார்த்து நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். உடம்பை நம்பாமல் டயலை நம்பும் பழக்கம் வருவதற்குத்தான் அத்தனை மணி நேரம்.

எங்கே தாமதம் ஆகிறது? வானத்தில் இல்லை, ஹேங்கரில். எந்த ஃபிளையிங் ஸ்கூலுக்குப் போனாலும் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 மாணவர்கள், 6 விமானங்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு 50 மணி, 100 மணிப் பறத்தலுக்கும் ஒரு பராமரிப்பு உண்டு, உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். அதனால் எப்போதும் இரண்டு விமானம் படுத்திருக்கிறது, பறப்பது நான்கு. மழை, மங்கல், ஓடுபாதைக்கு வரும் பயணிகள் விமானம் எல்லாவற்றையும் கழித்தால் ஒரு விமானம் நாளைக்குச் சராசரியாக நாலரை மணி நேரம், மாதம் 25 நாள் பறக்கிறது. மொத்தம் மாதத்துக்கு 450 மணி. அதை 60 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஏழரை மணி. 200 மணி முடிய 27 மாதம். இதே ஸ்கூலில் ஆறு விமானமும் ஓடி, நாளைக்கு ஐந்து மணி பறந்தால் மாதம் 750 மணி, ஆளுக்கு பன்னிரண்டரை, 16 மாதத்தில் முடிந்துவிடும். விளம்பரத்தில் '12 மாதத்தில் சிபிஎல்' என்று போட்டிருப்பார்கள். விளம்பரத்தை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் மொத்தம் எத்தனை மணி பறந்தது, எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில். 2025-இல் இருந்து டிஜிசிஏ ஃபிளையிங் ஸ்கூல்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடவும் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாமல், பறந்த மணிகளுக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஒப்பந்தம் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

தாமதம் வெறும் நாள் கணக்கோடு போவதில்லை. கடைசியில் தகுதித் தேர்வுப் பறத்தல்கள் உண்டு. பகலில் 250 கடல் மைல், இரவில் 120 கடல் மைல் ஊர்ப்பயணம், பகல், இரவு பொதுப் பறத்தல் சோதனை என்று. இவை விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பகல் சோதனையை முடித்த ஒருவர், இரவு விமானம் கிடைக்காமல் நான்கு மாதம் உட்கார்ந்து, இடையில் வந்த மழைக்காலத்தில் இன்னும் இரண்டு மாதம் கழிந்தால், பகல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதற்கும் விமான வாடகை உண்டு. ஆக, 200 மணிக்குப் பேசிய பணம் 215-இல் போய் முடியும். கடைசி ஆறு மாதத்துக்கான நாட்காட்டியை 150 மணி நேரம் ஆனதுமே சீஃப் இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்தத் தாமதத்தில்தான் குறுக்கு வழி எட்டிப் பார்க்கும். "இன்றைக்கு ஒரு மணி பறந்தாய், ஒன்றரை என்று எழுதிக்கொள்" என்பது அதன் முதல் வடிவம். 2011-இல் போலி மதிப்பெண் சான்றுகளைக் கொடுத்து உரிமம் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டார்கள். ஒரு விமானி தரையிறங்கும்போது மூக்குச் சக்கரத்தை முதலில் தரையில் மோதியதால் எழுந்த சந்தேகம்தான் அந்த விசாரணையின் தொடக்கம். அதே ஆண்டு ராஜஸ்தானில் பறக்காத மணிகளை லாக்புக்கில் எழுதிய விவகாரமும் வெளியே வந்தது. லாக்புக் தனியாக ஒன்றும் சொல்லாது. ஆனால் அந்த மணி விமானத்தின் லாக்புக்கில், டவர் பதிவேட்டில், எரிபொருள் கணக்கில் என்று இன்னும் பல இடங்களில் பதிவாகிறது. ஒரே விமானம் ஒரே நேரத்தில் இரண்டு மாணவர்களின் லாக்புக்கில் பறந்திருந்தால் அது யாருக்கும் தெரியாமல் போகாது.

வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில் பறந்து வந்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே விமானம் தாராளம், வானிலை நல்ல இடங்களில் மாதத்துக்கு முப்பது மணி பறக்கலாம். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. திரும்பி வந்து டிஜிசிஏயின் விதிகள் தாளும், நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த ஒரு கூட்டுத் தாளும் எழுத வேண்டும், ஆர்டிஆர் வேண்டும், இந்திய மெடிக்கல் வேண்டும், இங்கே தகுதிப் பறத்தலும் வேண்டும். போகும் முன்பே கிளாஸ் 1 வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவிலேயே முடித்தால் மொத்தச் செலவு அரை கோடி ரூபாயைச் சுற்றியோ அதற்கு மேலோ போகும். சிபிஎல் வந்த பிறகும் ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி தனி, அதற்கு இன்னும் பதினைந்து, இருபது லட்சம். சில நிறுவனங்கள் அதை முன்கூட்டியே கேட்கும், சில தாங்களே பயிற்சி கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கும். அந்தப் பயிற்சி முடிந்தால் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்காரலாம். இடப்பக்கத்துக்கு மாற 1,500 மணி நேரப் பறத்தலும் அதற்கான தனித் தேர்வுகளும் வேண்டும், அது வேலையில் சேர்ந்த பிறகு சம்பளத்தோடு சேரும் மணி நேரம். 2025 பிப்ரவரியில் இருந்து உரிமம் மின்னணு வடிவில் போனிலும் கிடைக்கிறது. அதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், தவறாக இருந்தால் விமான நிறுவனத்தின் நேர்காணலுக்கு முன்பே திருத்த மனு போட வேண்டும்.